முதியவர்களுக்கு எந்தக் கதை? நல்லதங்காள், கொழுக்கட்டை, சுவரிடம் சொன்ன பாட்டி: ஓர் ஒப்பீடு

முதியோர் இல்லத்துக்கோ, ஊர்ச் சாவடியில் கூடும் பெரியவர்களிடமோ கதை சொல்லப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்வி: எந்தக் கதையை எடுத்துக்கொண்டு போவது? அவர்களுக்கு இரண்டு பயங்கள். குழந்தைகளுக்குச் சொல்கிற கதையைச் சொன்னால் பெரியவர்கள் மனசுக்குள் சிரித்துக்கொள்வார்களோ என்பது ஒன்று. பெரியவர்களுக்கான கதையைச் சொன்னால் அழவைத்துவிட்டு வந்துவிடுவோமோ என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான பயங்கள்தான்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மூன்று கதைகளின் பெயர்தான் அடிபடுகிறது. எல்லாரும் அறிந்த நல்லதங்காள் கதை. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன் அதன் பெயரை மறந்த கதை. தன் குறையை இடிந்த வீட்டுச் சுவர்களிடம் சொன்ன பாட்டியின் கதை. மூன்றுமே நம் மண்ணில் வாய்வழியாக நடந்து வந்தவை. ஒன்று அழவைக்கும், ஒன்று சிரிக்கவைக்கும், மூன்றாவது மனசை இலேசாக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தேர்வு எளிது. ஆனால் ஒவ்வொன்றிலும் கேட்பவரைக் குத்தும் முள் ஒன்று ஒளிந்திருக்கிறது, அதுவும் நாம் எதிர்பார்க்காத இடத்தில். எடுத்தவுடன் சொல்லிவிடுகிறேன்: சிரிப்புக் கதைதான் பாதுகாப்பானது என்ற எண்ணம் சரியில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

காது. வயதானால் மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். பேச்சு நடக்கிறது என்று தெரியும், சொல் பிடிபடாது. ச, த, க போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும். குரலை உயர்த்திக் கத்தினால் சொல் தெளிவதில்லை, ஒலிதான் சிதைகிறது. அதனால் நிறைய வசனமும் வேகமான பேச்சும் உள்ள கதையைவிட, ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதை நல்லது. முதல் தடவை விட்ட சொல்லை மூன்றாம் தடவை பிடித்துக்கொள்வார்கள்.

நினைவு. எத்தனை பாத்திரங்கள், எத்தனை திருப்பங்கள் என்பதைவிட, நடுவில் ஐந்து நிமிஷம் கண்ணயர்ந்தவர் விழித்ததும் கதைக்குள் திரும்ப ஏறிக்கொள்ள முடியுமா என்பதே கேள்வி. மரியாதைராமன் வழக்குகள் இங்கேதான் தோற்கின்றன. முதலில் சொன்ன ஒரு சின்னத் துப்பு நினைவில் நின்றால்தான் கடைசியில் தீர்ப்பு ருசிக்கும். அது நிற்காதவருக்குத் தன் இயலாமைதான் மிஞ்சும்.

காயம். கதை கேட்பவரின் வாழ்க்கையில் எதைத் தொடுகிறது? இருபது வயதுக்காரருக்குக் கதையாக இருப்பது எண்பது வயதுக்காரருக்கு நடந்ததாக இருக்கும்.

‘ம்’ கொட்ட இடம். நம் கதை மரபில் கேட்பவர் சும்மா உட்காருவதில்லை. ‘ம்’ கொட்டினால்தான் கதை நகரும். ‘ம்’ நின்றால் சொல்பவரும் நிறுத்திவிடுவார். பெரியவர்கள் வாய் திறந்து கலந்துகொள்ள இடம் தரும் கதை அவர்களுடைய கதையாகிவிடும்.

முடிவு. நீதி யார் வாயிலிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அறுபது வருஷம் குடும்பம் நடத்தியவரிடம் முப்பது வயதுக்காரர் ‘ஆகவே பெரியோர்களே’ என்று ஆரம்பித்தால், அதுவரை கட்டிய எல்லாம் சரிந்துவிடும்.

## நல்லதங்காள் கதை

கதையைப் பெரும்பாலோர் அறிவார்கள். விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை ஒட்டிய அர்ச்சுனாபுரம் நல்லதங்காள் பிறந்த ஊர் என்பார்கள். அங்கே அவளுக்குக் கோயிலும் இருக்கிறது. மானாமதுரையில் காசிராஜனுக்கு வாழ்க்கைப்பட்டு ஏழு பிள்ளைகள் பெற்றாள். பன்னிரண்டு வருஷப் பஞ்சம் வந்தது. பசி தாளாமல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு நடந்தாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவை அடைத்தாள். அவமானம் பொறுக்காமல் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழுந்தாள்.

இந்தக் கதையின் பலம், அது ஏற்கனவே அவர்களுடையது என்பதுதான். தென்மாவட்டத்துப் பாட்டிமார் பலர் இதைப் பாட்டாகவே கேட்டு வளர்ந்தவர்கள். நீங்கள் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் மறுவரி கூட்டத்திலிருந்து வரும். பேச்சு மங்கிப்போன சிலரிடம்கூடச் சின்ன வயதில் கேட்ட பாட்டு அழியாமல் இருக்கும். ‘ம்’ கொட்டும் இடத்தை இந்தக் கதை தாராளமாகத் தருகிறது.

செலவு என்ன? முதலில் நேரம். இது ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து அடங்காது. சுருக்கினால் கேட்பவர்களே திருத்துவார்கள்: “பிறந்த வீட்டுக்கு நடந்து வந்தாளே, அந்த வழியச் சொல்லலையேப்பா.” அடுத்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத செலவு. அந்தக் கூட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இருப்பார். உயிரை மாய்த்துக்கொண்ட உறவினரைப் பற்றி இன்றுவரை பேசாதவர் இருப்பார். ஒரு காலத்தில் நாத்தனாருக்குக் கதவைத் திறக்காத அண்ணியும் இருக்கக்கூடும். மூளி அலங்காரியை அரக்கியாக்கித் திட்டும்போது அவர் தலை குனிந்துகொள்வதை நீங்கள் பார்க்காமலே போகலாம்.

கிணற்றை நீக்கிவிட்டுச் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். கூடாது என்றே நினைக்கிறேன். சில வடிவங்களில் சிவனும் பார்வதியும் வந்து எல்லாரையும் உயிர்ப்பிக்கிறார்கள். அந்த முடிவு மரபுக்குள்ளேயே இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கிணறே இல்லாத நல்லதங்காளைக் கொண்டுபோனால், ‘இவர்களுக்கு உண்மையைத் தாங்கத் தெரியாது’ என்று நாம் முடிவு செய்துவிட்டோம் என்பது பெரியவர்களுக்குப் புரிந்துவிடும்.

எப்போது இது சரியான தேர்வு? அவர்களே பெயர் சொல்லிக் கேட்கும்போது. கூட்டம் ஏழெட்டுப் பேருக்குள் இருக்கும்போது. பாட்டுத் தெரிந்த ஒருவர் அங்கேயே இருந்தால் இன்னும் நல்லது: அவரைச் சொல்லவிட்டு, நீங்கள் ‘ம்’ கொட்டுங்கள். முதல் சந்திப்புக்கு இது வேண்டாம்.

## கொழுக்கட்டைக் கதை

மாமியார் வீட்டுக்குப் போனான் ஒருவன். கொழுக்கட்டை செய்து போட்டார்கள். ருசி பிடித்துப்போய்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு, ஊர் திரும்பும் வழியெல்லாம் “கொழுக்கட்டை, கொழுக்கட்டை” என்று சொல்லிக்கொண்டே நடந்தான். குறுக்கே ஒரு வாய்க்கால். “அத்திரிபாச்சா” என்று தாண்டினான். அதிலிருந்து வாயில் “அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா” என்றே வந்தது. வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் அத்திரிபாச்சா செய்யச் சொன்னான். அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. கோபத்தில் அடித்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, “ஐயையோ, கொழுக்கட்டை கணக்கா வீங்கிப்போச்சே” என்றதும், “அதுதான், அதுதான்” என்று குதித்தானாம்.

காதுக்கு இதைவிட நல்ல கதை கிடையாது. இரண்டே சொற்கள் மாறி மாறி வருகின்றன. தூங்கி விழித்தவரும் உடனே சேர்ந்துகொள்வார். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். “அத்திரிபாச்சா” என்ற இடத்தில் முழுக்கூட்டமும் குரல் கொடுக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவர் கையைத் தூக்குவார். இருபது, இருபத்தைந்து பேர் இருந்தாலும் சமாளிக்கலாம். உங்களுக்கும் தயாரிப்பு அதிகம் தேவையில்லை.

இனி முள். இந்தச் சிரிப்பு இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று மறதி, மற்றொன்று மனைவியை அடிப்பது.

மறதியை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் நுனியில் நிற்கும் சொல் வராமல் போவது நமக்கு வேடிக்கை. மறதிநோயின் தொடக்கத்தில் இருப்பவருக்கு அது தினமும் நடக்கும் அவமானம். நோய் முற்றியவரைவிட, தனக்கு மறந்துபோகிறது என்று தெரிந்தவருக்குத்தான் வலி அதிகம். எல்லாரும் “அத்திரிபாச்சா” என்று சிரிக்கும்போது ஒருவர் மட்டும் சிரிக்காமல் சுற்றிப் பார்த்தால், கதை அவரைத் தொட்டுவிட்டது என்று அறியலாம்.

அடியைப் பொறுத்தவரை எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை: மாற்றிவிட வேண்டும். அடிபட்டு வாழ்ந்த பெண்கள் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்கள், அவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். வீக்கம் கதைக்குத் தேவை, அடி தேவையில்லை. அவன் கோபத்தில் விருட்டென்று எழுந்து வெளியே போகும்போது நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளட்டும். பெண்டாட்டியே ஓடிவந்து நெற்றியைத் தடவி, “ஏங்க, கொழுக்கட்டை கணக்கா வீங்கிருச்சே” என்று சொல்லட்டும். கதை ஒரு துளியும் கெடாது. மறந்த சொல்லை எடுத்துக் கொடுத்தவள் வீட்டுக்காரி என்றாகிறது. அங்கிருந்து நீதியும் மெல்ல வரும்: “மறந்தா என்ன, எடுத்துக் குடுக்க ஒரு ஆள் இருந்தாப் போதும்.” மறதிக்காரரை நோகவைக்கும் கதை, அந்த ஒரு வரியால் அவருக்கு ஆறுதலாகத் திரும்பும்.

பெரிய கூட்டம், சத்தமான கூடம், மறதிநோய் உள்ளவர்கள் அதிகம் இருக்கும் இடம், பண்டிகை நாள்: இவற்றுக்கெல்லாம் இது பொருந்தும். ஆழ்ந்த பேச்சை எதிர்பார்த்துப் போனால் இது போதாது.

## சுவரிடம் சொன்ன பாட்டி

ஏ.கே. ராமானுஜன் 1991-ல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பில் இது தமிழ்க் கதையாக இடம்பெற்றது. இரண்டு மகன், இரண்டு மருமகள் வைத்திருந்த ஒரு கைம்பெண் பாட்டி. நாலு பேரும் படுத்தினார்கள். சொல்ல ஆள் இல்லை. சொல்லாத குறையெல்லாம் உள்ளே தங்கி உடம்பு பெருத்துக்கொண்டே போனது. ஒருநாள் ஊருக்கு வெளியே கூரையில்லாத ஒரு பாழடைந்த வீட்டுக்குள் போய், சுவருக்கு ஒருவராக நாலு பேரைப் பற்றியும் சொன்னாள். ஒவ்வொரு சுவரும் அந்தக் குறையின் பாரம் தாங்காமல் இடிந்தது. ஒவ்வொரு சுவர் இடியும்போதும் அவள் உடம்பு இளைத்தது. அவ்வளவுதான் கதை.

கட்டமைப்பு மிக எளிது: நாலு சுவர், நாலு குறை. எங்கே விட்டாலும் அடுத்த சுவரில் பிடித்துக்கொள்ளலாம். இருபது நிமிஷத்தில் நிறைவாக முடியும். கதைத் தலைவி கேட்பவர்களின் வயதுக்காரி. அவளுக்கு யாரும் புத்தி சொல்வதில்லை, அவளே நடந்து போகிறாள், அவளே பேசுகிறாள். முதியவரைத் தலைவியாக்கி, அவர் கையிலேயே தீர்வையும் கொடுக்கும் கதைகள் குறைவு. எனக்கு இந்தக் கதைமேல் தீராத பிரியம் உண்டாகக் காரணம் இதுதான்.

ஆனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. பிள்ளைகள் கொண்டுவந்து விட்ட ஓர் இல்லத்தில், பிள்ளைகள் படுத்திய கதையைச் சொல்லலாமா? பார்க்க வந்த மகன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால்? இல்லம் நடத்துபவர் முகம் சுளித்தால்? முன்கூட்டியே பொறுப்பாளரிடம் கதையை முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது. உறவினர் வரும் நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

பெரிய மறைசெலவு கதை முடிந்தபிறகு வருகிறது. இந்தக் கதை வாயைத் திறக்கவைக்கும். ஒருவர் “என் மவனும்…” என்று ஆரம்பிப்பார். அப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தால், அவரைச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்ததாகும். கதைக்கு இருபது நிமிஷம் என்றால் அதற்குப் பின் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு சின்ன முள், உடம்பு பெருப்பது. இதயக் கோளாறாலோ சிறுநீரகக் கோளாறாலோ கால் வீங்கியவர்கள் அங்கே இருப்பார்கள். ‘மனசில் வைத்திருந்ததால்தான் வீங்கியது’ என்று அவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் ‘வீக்கம்’ என்ற சொல்லைத் தொடாமல் ‘கனம்’ என்றே சொல்லுங்கள். நடக்க முடியவில்லை, படி ஏற முடியவில்லை, அவ்வளவு கனம். கதையின் மந்திரம் அப்படியே இருக்கும்.

## மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில்

| | நல்லதங்காள் | கொழுக்கட்டை | சுவரிடம் சொன்ன பாட்டி |
|---|---|---|---|
| சொல்ல ஆகும் நேரம் | ஒரு மணிக்கு மேல் | பத்து நிமிஷம் | இருபது நிமிஷம் |
| கூட்டம் | ஏழெட்டுப் பேர் | இருபத்தைந்து வரை | பத்துப் பன்னிரண்டு |
| காது மங்கியவருக்கு | பாட்டாகப் பாடினால் எளிது | மிக எளிது | பல்லவி இருந்தால் எளிது |
| மறதி உள்ளவருக்கு | பாட்டுத் தெரிந்தால் எளிது | எளிது, ஆனால் குத்தலாம் | எளிது |
| தொடும் காயம் | பிள்ளைச் சாவு, பசி, அடைத்த கதவு | மறதி, அடி | பிள்ளைகளின் புறக்கணிப்பு |
| கட்டாயம் மாற்ற வேண்டியது | எதையும் வெட்ட வேண்டாம் | மனைவியை அடிக்கும் இடம் | ‘வீக்கம்’ என்ற பேச்சு |
| கதைக்குப் பின் தேவை | அழுகை அடங்கும்வரை துணை | எதுவும் இல்லை | ஒரு மணி நேரக் காது |
| சிறந்த தருணம் | அவர்களே கேட்கும்போது | முதல் நாள், பண்டிகை, பெரிய கூடம் | இரண்டாம், மூன்றாம் சந்திப்பு |

என் தீர்ப்பு இப்படி. முதல் நாள் கொழுக்கட்டை. முகங்கள் பழகியபின் பாட்டி கதை. நல்லதங்காளை நீங்கள் கொண்டுபோக வேண்டாம். அவள் வர வேண்டுமென்றால் அவர்கள் வாய்வழியாக வருவாள். ஒரே ஒரு தடவைதான் போக முடியும், ஆனால் மாலை முழுவதும் இருக்க முடியும் என்றால் நேராகப் பாட்டி கதைக்கே போகலாம்.

## பாட்டி கதையைச் சொல்லும் விதம்

மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வேண்டாம். காதுக் கருவி போட்டவருக்கு விசிறியின் இரைச்சல்தான் முதலில் கேட்கும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உதட்டசைவு இருட்டில் மறைந்துவிடும். அரைவட்டமாக இரண்டு வரிசை போதும். மறதிநோய் உள்ளவர்கள் சிலருக்குப் பொழுது சாயச் சாய மனம் நிலைகொள்ளாது, ஆகவே நாலு மணிக்குள் தொடங்கிவிடுவது நல்லது. அதற்கு முன் கழிப்பறைக்குப் போய்வர நேரம் கொடுங்கள்.

‘ம்’ கொட்ட ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். “ஆச்சி, நீங்க ‘ம்’ போட்டாத்தான் எனக்குக் கதை வரும்” என்று கேட்டால் மறுக்கமாட்டார்கள். தெற்கத்திப் பேச்சில் ஒரு வடிவம் தருகிறேன். உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

> ஒரு ஊர்ல ஒரு பாட்டி இருந்தா. (ம்.) புருசன் போய்ச் சேந்துட்டாரு. ரெண்டு மகன். ரெண்டு மருமக. வீடு நெறைய ஆளு. பாட்டிகிட்டப் பேசத்தான் ஒரு ஆளு இல்ல.
>
> மூத்தவன் ஒருநாள் காயிதத்தக் கொண்டாந்து நீட்டுனான். “இதுல கைநாட்டு வையிம்மா.” வச்சா. மறுநாளு பாத்தா அவ ஆசையா வளத்த பசுவ ஓட்டிட்டுப் போறாங்க. வாயத் தொறந்தாளா? தொறக்கல. யாருகிட்டச் சொல்ல? எங்க போயிச் சொல்ல? உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டா. உடம்பு கொஞ்சம் கனத்துச்சு.
>
> மூத்த மருமக, எல்லாரும் உண்டு முடிச்சப்புறம் அடியில கெடக்குற கஞ்சிய ஊத்துவா. “உப்பு இருக்காத்தா?” “இருந்தாப் போட மாட்டனா?” யாருகிட்டச் சொல்ல? எங்க போயிச் சொல்ல? இன்னுங் கொஞ்சம் கனத்துச்சு.
>
> எளையவன் வய்யமாட்டான், அடிக்கமாட்டான். திண்ணையில தூணு ஒண்ணு இருக்கு, பாட்டி ஒண்ணு இருக்குன்னு தாண்டிப் போவான். போகையிலயும் பேச்சு இல்ல, வரயிலயும் பேச்சு இல்ல. யாருகிட்டச் சொல்ல?
>
> எளைய மருமகளுக்கு ஒரு கைப்பிள்ள. பிள்ள பாட்டியப் பாத்துத் தாவும். அவ வெடுக்குன்னு இழுத்துக்குவா. யாருகிட்டச் சொல்ல? எங்க போயிச் சொல்ல?
>
> கனம்னா கனம், அம்புட்டுக் கனம். ஒரு படி ஏற முடியல. “கெழவி நல்லாத் தின்னு கொழுத்துட்டா”ன்னு வீட்டுல சிரிக்காக.
>
> ஒருநாளு கம்ப ஊண்டிக்கிட்டுக் கெளம்பிட்டா. ஊருக்கு மேக்க ஒரு பாழடஞ்ச வீடு. கூரை இல்ல, கதவு இல்ல. நாலே நாலு மண்சொவரு. உள்ள போயி நடுவுல நின்னா. யாரும் இல்ல. கெழக்குச் சொவரப் பாத்தா.
>
> “சொவரே, மூத்தவன் எம் பசுவக் கொண்டுபோயிட்டான். நான் லெச்சுமின்னு கூப்பிட்டா அது திரும்பிப் பாக்கும். போகையிலயும் திரும்பிப் பாத்துச்சு.”
>
> சொவரு கேட்டுச்சு. கேட்டுச்சு. தாங்க முடியல. பொலபொலபொலன்னு வெளிப்பக்கமாச் சரிஞ்சிருச்சு. பாட்டிக்கு ஒரு பங்கு கனம் எறங்குச்சு.

இதே அச்சில் தெற்கு, மேற்கு, வடக்குச் சுவர்கள். ‘யாருகிட்டச் சொல்ல?’ என்று நீங்கள் தொடங்கினால், இரண்டாம் குறைக்குள் கூட்டமே ‘எங்க போயிச் சொல்ல?’ என்று முடித்துவிடும். அந்த இடத்தில் அவசரப்படாமல் ஒரு மூச்சு இடைவெளி விடுங்கள். சுவர் இடியும் இடத்தில் கைதட்டவோ பலகையைத் தட்டவோ வேண்டாம். காதுக் கருவிக்குள் அது வெடிபோலக் கேட்கும். உள்ளங்கையால் தொடையில் மெல்லத் தட்டி, ஓசையை இறக்கிக்கொண்டே வந்தால் போதும்.

நாலு குறைகளில் பேரப்பிள்ளையைப் பற்றியதுதான் அதிகம் உறைக்கும். அதைக் கடைசிச் சுவருக்கு வைத்திருக்கிறேன், அது இடிந்ததும் பாரமும் முழுக்க இறங்கும் என்பதால். கூட்டம் புதிது என்றால் அந்தக் குறையை மாற்றி வேறு எதையாவது வையுங்கள்.

## எப்படி முடிப்பது

மரபில் கதை நாலாவது சுவரோடு முடிகிறது. இடிபாட்டுக்கு நடுவில் உடம்பும் மனசும் இலேசாகி அவள் நிற்கிறாள். மகன்கள் திருந்தியதாக ஒரு சொல் இல்லை. நான் கேட்ட புது வடிவங்களில் பலர் அங்கே ஒரு மன்னிப்புக் காட்சியை ஒட்டுகிறார்கள்: மகன்கள் ஓடிவந்து காலில் விழுகிறார்கள், எல்லாரும் அழுகிறார்கள். அது வேண்டாம். வராத மகனுக்காக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காத்திருப்பவரிடம் அந்த முடிவைச் சொல்வது கொடுமை.

அதே சமயம் சுவரோடு விட்டுவிட்டால், ‘உனக்குச் சுவர்தான் கதி’ என்பதுபோலவும் ஆகிவிடக்கூடும். அதனால் சின்னதாக ஒரு காட்சியைச் சேர்க்கிறேன். இது என் சேர்க்கை. கேட்பவர்களிடமும் அப்படியே சொல்லிவிடுவேன்.

> திரும்பி வரயில பாதி வழியில ஒரு வேப்பமரம். அது நெழல்ல இன்னொரு பாட்டி குத்த வச்சிருக்கா. மூச்சு வாங்குது. “ஏக்கா, நீ எப்பிடி இப்பிடி இலேசா நடந்து வார? எனக்கு ஒரு எட்டு எடுத்து வைக்க முடியலயே.”
>
> நம்ம பாட்டி அவள ஒரு பார்வை பாத்தா. கம்பக் கீழ வச்சா. பக்கத்துல உக்காந்தா.
>
> “அந்தானக்கி அங்க நாலு சொவரு இருந்துச்சு. நாலையும் நான் இடிச்சுப்புட்டேன். இனி உனக்குச் சொவரு இல்ல. எங்கிட்டச் சொல்லு.”

நீதி இதற்குள் இருக்கிறது. ‘மனசில் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்’ என்று மட்டும் முடித்தால் கேட்பவர் இன்னொரு கடமையைச் சுமப்பார். இதுவரை சொல்லாதது தன் குற்றம் என்று நினைப்பார். பக்கத்தில் இருப்பவருக்குக் காது கொடுக்கும் பாட்டியாக முடித்தால், அவரால் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று கையில் கிடைக்கிறது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருக்கிறாரே. நீதியை நீங்கள் விளக்கிவிடாதீர்கள். “எங்கிட்டச் சொல்லு” என்றதும் வாயை மூடிக்கொண்டு, பத்து எண்ணும் நேரம் பேசாமல் இருங்கள். யாராவது ஒருவர் பேசுவார். அவர் சொல்வதே அன்றைய நீதி.

## கதை தவறிப்போவதை எப்படி அறிவது

அழுகை தவறின் அடையாளம் அல்ல. கண்ணைத் துடைத்துக்கொண்டே ‘ம்’ கொட்டுகிறவர் கதைக்குள் இருக்கிறார். கவலைப்பட வேண்டியது வேறு: இதுவரை கொட்டிக்கொண்டிருந்தவர் ‘ம்’மை நிறுத்திவிட்டுப் புடவைத் தலைப்பை முறுக்கத் தொடங்குவது, கதவைப் பார்ப்பது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. அப்போது கதையை வெட்டாதீர்கள், சுருக்குங்கள். பாட்டி கதையில் இது எளிது: “அப்பிடியே மத்த ரெண்டு சொவருகிட்டயும் சொன்னா, ரெண்டும் சரிஞ்சிருச்சு” என்று ஒரே வரியில் தாண்டி வேப்பமரத்துக்கு வந்துவிடலாம். கொழுக்கட்டைக் கதையில் நேராக நிலைப்படிக்குப் போய்விடலாம். நல்லதங்காளில் இப்படித் தாவ இடமில்லை. முதல் சந்திப்புக்கு அவள் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கதைக்குப் பின் ஒருவர் சொல்லும் குறை மனத்தாங்கலைத் தாண்டியதாக இருக்கலாம். சாப்பாடு மறுக்கப்படுவது, பணமோ நிலமோ பிடுங்கப்படுவது, அடி என்று வந்தால் கேட்டுக்கொண்டு மட்டும் வரக் கூடாது. 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் முதியவரே மனுக் கொடுக்கலாம். பராமரிப்பார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்துசெய்யக் கேட்கவும் அதில் இடமிருக்கிறது. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. இதைக் கூட்டத்தில் அறிவிக்க வேண்டாம். சொன்னவரிடம் தனியாக, அவர் விரும்பினால் மட்டும், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.